ரேடியம் கொலுசு

"விபத்து நடந்த அன்னிக்கு என்ன கலர் புடவை கட்டியிருந்தீங்க?"

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டுத் தரப்பு வழக்கறிஞர் இப்படிக் கேட்டபோது, மாரியம்மா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரைச் சொல்லப்போவதில்லை.) நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லக் கூடாத கேள்வியோ என்று அவருக்குச் சந்தேகம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கருநீலங்க."

"வெளிச்சம் இருந்துச்சா?"

"இல்லீங்க. விடியக்காலம் அஞ்சு மணி."

வழக்கறிஞர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கருநீலப் புடவை, இருட்டு, நடைபாதை இல்லாத பைபாஸ் சாலை. அடிபட்டவர் மேலேயே பாதிக் குற்றத்தைச் சுமத்த இது போதும். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. பத்து வருடமாக இந்தப் பகுதியில் தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்கிறேன். கூலி, பி.எஃப்., கையுறை, மலக்குழி என்று எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். இவர்கள் விடியலுக்கு முன் இருட்டில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் வேலைக்கு வருகிறார்களே, அந்த வழியில் ஓட்டுநர் கண்ணுக்கு இவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை.

அக்காவின் வீடு ஊருக்கு வெளியே இருக்கிற காலனியில். அங்கிருந்து மஸ்டர் போடும் இடம் மூன்று கிலோமீட்டர். ஐந்தரைக்கு வருகைப் பதிவு. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நாலே முக்காலுக்குக் கிளம்பினால்தான் முடியும். காலனி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூரத்தைத்தான் தினமும் இருட்டில் கடக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தை மாதம் அது. மார்கழிதான் இருட்டு மாதம் என்று நாம் நினைக்கிறோம். நம் ஊரில் சூரியன் மிகவும் தாமதமாக உதிப்பது தை மாதத்தில், ஜனவரி பின்பாதியில்தான். ஆறரை தாண்டித்தான் உதிக்கும். ஆறு மணிக்கு முன்னால் வானத்தில் வெளுப்பே இருக்காது. ஐந்து மணிக்கு முழு இருட்டு. பின்னால் வந்த குட்டியானை, காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் குடித்திருக்கவில்லை. "திடீர்னு முன்னாடி வந்துட்டாங்க" என்று வாக்குமூலம் கொடுத்தார். பொய் சொல்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அக்கா திடீரென்று எங்கும் வரவில்லை; சாலை ஓரத்தில் நேராக நடந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். டிம் லைட்டில் கருநீலப் புடவை கட்டியவர் கண்ணுக்குப் படுவது 25, 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான். அப்படியென்றால் டிரைவரின் கால் பிரேக்கைத் தொடும்போதே வண்டி அக்காவை நெருங்கிவிட்டிருக்கிறது. "திடீர்னு" என்று அவர் சொன்னது அவர் கண்ணுக்கு உண்மைதான். வேகத்தைக் குறைத்து ஓட்டியிருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். நாற்பதில் வந்திருந்தால் அதே கணக்கு 26 மீட்டரில் முடிந்திருக்கும்.

அக்கா பக்கத்திலும் ஒரு நம்பிக்கை இருந்தது. "வண்டி லைட்டு என் நிழலை முன்னாடி நீட்டுச்சு. அவ்ளோ வெளிச்சம். அவனுக்கு என்னைத் தெரியும்னுதான் நான் நினைச்சேன்" என்றார். இருட்டில் நடப்பவர் எல்லோருக்கும் இந்த மயக்கம் உண்டு. விளக்கு நமக்குப் பளீரென்று தெரிகிறது. அதனால் விளக்குக்குப் பின்னால் இருப்பவருக்கும் நாம் அப்படியே தெரிவோம் என்று நினைக்கிறோம். கருநிறத் துணி அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. திரும்பிப் போவது மிகக் கொஞ்சம்.

இனி நான் கேட்கத் தயங்கிய கேள்வி. "அக்கா, உங்களுக்கு ஆரஞ்சு கோட்டு குடுத்திருக்காங்களே, பட்டை வெச்சது. அன்னிக்கு அது எங்க இருந்துச்சு?"

"ஒயர் கூடையில. மடிச்சு."

"ஏன் போடல?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏந்தம்பி, உனக்குத் தெரியாதா? பைபாஸ் முக்குல டீக்கடை இருக்குல்ல. கோட்டப் போட்டுட்டுப் போனா தள்ளி நில்லுங்கிறான். டம்ளருக்குப் பதிலா பேப்பர் கப்பு. கோட்டு இல்லாம போனா யாரோ ஒரு பொம்பள. அவ்ளோதான். மஸ்டர் போட்டதும் மாட்டிக்குவேன்."

சமூகவியல் முதுகலை படித்தவன் நான். சாதியும் உடையும் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். பேஷ்வா ஆட்சிக் காலத்தில் தீண்டத்தகாதவர்கள் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் சொல்கிறார். தவறியும் யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக ஓர் அடையாளம். அதைப் படித்த எனக்கு, கோட்டை மடித்துக் கூடையில் வைப்பதன் காரணம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. சாலையில் உயிரைக் காக்க வேண்டிய துணியே டீக்கடையில் 'இவர் யார்' என்று அறிவிக்கிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தினமும் காலை நாலே முக்காலுக்கு ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "பாதுகாப்பு உடை கொடுத்தும் அவங்க போடறதில்ல சார்" என்று மேற்பார்வையாளர்கள் சொல்வதை இனி கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அன்று கோட்டைப் போட்டிருந்தால் தப்பித்திருப்பாரா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் சில வேலைகள் செய்தோம். பதில் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அந்தக் கோட்டில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. ஒன்று, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் துணி. இன்னொன்று, அதன் மேல் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஆரஞ்சுத் துணி பளிச்சென்று இருப்பதற்குக் காரணம், வெயிலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி அதைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றி விடுவதுதான். பகலிலும் மேகமூட்டத்திலும் பொழுது புலரும் நேரத்திலும் அது நன்றாக வேலை செய்யும். ஐந்து மணிக்கு வெயில் ஏது? வண்டி விளக்கிலும் தெரு எல்.இ.டி.யிலும் புற ஊதா அநேகமாக இல்லை. ஆகவே இருட்டில் அது வெறும் ஆரஞ்சுத் துணி. கருநீலத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. மஞ்சள் சோடியம் விளக்குத் தெருவில் அந்த நிறம்கூடத் தெரியாது. இருட்டில் காப்பாற்ற வேண்டியது பட்டை மட்டும்தான்.

பட்டையை நம் ஊரில் ரேடியம் என்கிறோம். அதில் ரேடியம் கிடையாது. தானாக ஒளிரவும் செய்யாது. ஒரு முடியின் தடிமன் அளவே இருக்கிற கண்ணாடி மணிகள் லட்சக்கணக்கில் துணிமேல் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் பின்னால் மெல்லிய அலுமினியப் பூச்சு. வெளிச்சம் மணிக்குள் நுழைந்து, பின்னாலிருக்கும் பூச்சில் பட்டு, வந்த வழியிலேயே திரும்புகிறது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே. முகம் பார்க்கும் கண்ணாடி அப்படியல்ல, சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தை வேறு பக்கம் எறியும். பட்டை சாய்ந்திருந்தாலும் விளக்கு இருக்கிற பக்கமே திருப்பும். அதனால்தான் விளக்குக்குப் பக்கத்தில் கண் இருக்கிற ஓட்டுநருக்கு அது எரிவதுபோல் தெரிகிறது. ஓரமாக நிற்கிற நமக்கு மங்கலாகவே இருக்கிறது. லாரி டிரைவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் கண் விளக்கிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறது. திரும்பி வரும் வெளிச்சம் குறுகிய கூம்பு போல வருவதால், பைக்காரருக்குக் கிடைக்கிற அளவு அவருக்குக் கிடைக்காது.

இந்தக் குணத்தை வைத்தே பட்டையைச் சோதிக்கலாம். இருட்டில் கோட்டை ஒரு கம்பியில் தொங்கவிட்டு முப்பது அடி தள்ளி நில்லுங்கள். செல்போன் டார்ச்சை எரியவிட்டு நெற்றிப் பக்கம், கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். நல்ல பட்டை என்றால் வெள்ளையாகப் பற்றி எரிவதுபோல் இருக்கும். டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள். உடனே மங்கிவிடும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி மினுங்கினால் அது ரேடியமே அல்ல, வெறும் ஜிகினா. பகலிலேயேகூட ஒரு குறிப்பு உண்டு: கண்ணாடி மணி வைத்த அசல் பட்டை வெயிலில் அழுக்குச் சாம்பல் நிறத்தில், பார்க்கச் சுமாராக இருக்கும். வெள்ளிப் பேப்பர் மாதிரி பகலில் பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்டர் வாசலில் இருந்த 31 கோட்டுகளை இப்படிப் பார்த்தோம். ஒன்பது கோட்டில் இருந்தது ஜிகினா. வாங்கிய அன்றே செத்தவை. பதினைந்தில் ஒரு காலத்தில் நல்ல பட்டை இருந்திருக்கிறது, இப்போது இல்லை. மிச்சம் ஏழுதான் எரிந்தன. மாரியம்மா அக்காவின் கோட்டு அந்தப் பதினைந்தில் ஒன்று. அன்று அதைப் போட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தப் பதினைந்து ஏன் செத்தன என்று தேடினால் கதை வேலையிலேயே இருக்கிறது. இவர்கள் தினமும் கையாளுவது பிளீச்சிங் பவுடர். சாக்கடை ஓரம் தூவும்போது கோட்டில் படிகிறது. வியர்வையோடும் பனியோடும் சேர்ந்து ஊறுகிறது. பட்டையின் உயிர் அந்த அலுமினியப் பூச்சு. பிளீச்சிங் அதை அரித்துவிடும். மணி இருக்கும், பின்னால் பூச்சு இருக்காது. வெளிச்சம் உள்ளே போகும், திரும்பாது. அடுத்தது துவைப்பு. சாக்கடைச் சேறு பட்ட துணியை யாரும் மென்மையாகத் துவைக்க மாட்டார்கள். சோடா போட்டு ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கல்லில் அடிப்பார்கள். மணிகள் உதிர்ந்துபோகும். விரலால் தடவினால் நல்ல பட்டை நுண்ணிய உப்புத்தாள் போல லேசாகச் சொரசொரக்கும். செத்த பட்டை வழுவழுவென்று துணியாகிவிட்டிருக்கும். தரமான கோட்டின் உட்பக்கச் சீட்டில் எத்தனை முறை துவைக்கலாம் என்று எண் போட்டிருப்பார்கள். 25 என்று போட்டிருக்கும் கோட்டை வாரம் இருமுறை துவைத்தால் மூன்று மாதத்தில் அதன் கணக்கு முடிந்தது. எங்கள் ஊரில் கோட்டு கொடுப்பதோ வருடத்துக்கு ஒன்று. அந்தச் சீட்டே இல்லாத கோட்டுகள்தான் அதிகம். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 15809 என்று ஒன்று இருக்கிறது. டெண்டரில் 'ஆரஞ்சு கோட்டு, ரிஃப்ளெக்டருடன்' என்று மட்டும் எழுதினால் ஜிகினாவும் ரிஃப்ளெக்டர்தான்.

இதையெல்லாம் பேசிவிட்டு, உண்மையிலேயே எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று பார்க்க ஆசைப்பட்டோம். பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் காலை ஐந்து மணிக்கு ஒரு பைக்கை நிறுத்தி டிம் லைட் போட்டோம். பைக்கில் உட்கார்ந்தது ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிற கல்லூரித் தம்பி. ஒவ்வொருவராக இருட்டிலிருந்து அவரை நோக்கி நடந்து வர வேண்டும். "தெரியுது" என்று அவர் கத்திய இடத்தில் நின்று, அங்கிருந்து பைக் வரை காலடி எண்ண வேண்டும். கருநிறப் புடவையில் வந்தவர் நாற்பது காலடிக்குள் வந்த பிறகே தெரிந்தார், ஏறக்குறைய 28 மீட்டர். செத்த பட்டையோடு ஆரஞ்சு கோட்டு ஐம்பது காலடி. எரிகிற பட்டை வைத்த கோட்டு, சாலை வளைகிற இடத்திலேயே தெரிந்துவிட்டது; நூறு மீட்டருக்கு மேல். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பிக்கு ஆள் வரப்போகிறது என்று முன்பே தெரியும்; அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். எதையும் எதிர்பார்க்காமல் அரைத்தூக்கத்தில் ஓட்டி வருகிறவருக்கு இந்தத் தூரமெல்லாம் நன்றாகக் குறையும்.

ஆனால் அன்று எனக்கு முக்கியமாகப் பட்டது தூரம் அல்ல, தம்பி சொன்ன வார்த்தை. நல்ல கோட்டு வந்தபோது அவர் "ஏதோ மின்னுது... போர்டா, கம்பமா?" என்றுதான் கத்தினார். ஆள் என்று தெரிந்துகொள்ள இன்னும் நேரம் பிடித்தது. நடுச்சாலைத் தடுப்பு, மைல்கல், நிறுத்திவைத்த டிராக்டர் என்று சாலையில் மின்னுகிற பொருள் ஏராளம். மின்னுகிற எல்லாவற்றுக்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பதில்லை. மனிதர் என்று தெரிந்தால்தான் குறைப்பார்.

இதற்கான விடை பழையது. 1973இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன், ஒருவருடைய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். உடம்பு தெரியாது, பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும். நின்றால் அது வெறும் புள்ளிக்கூட்டம். நடக்க ஆரம்பித்ததும் பார்க்கிறவர்கள் கணத்தில் 'ஆள் நடக்கிறது' என்று சொல்லிவிட்டார்கள். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவை அசைகிற விதத்தை நம் கண் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறது. இதைச் சாலையில் சோதித்தவர்களும் உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், போக்குவரத்து இல்லாத தனிச் சாலையில் ஓட்டுநர்களை ஓட்டவிட்டார்கள். டிம் லைட், எதிரே கண் கூசும் விளக்கு, கறுப்பு உடை என்றிருந்தபோது நடப்பவரை நூற்றுக்கு ஐந்து முறைதான் அடையாளம் கண்டார்கள். கண் கூச்சம் இல்லாமல், பிரைட் லைட்டில், மூட்டுகளில் பட்டை கட்டியவரை எல்லா முறையும் கண்டுகொண்டார்கள். இரண்டு நிலைமைக்கும் நடுவே விளக்கும் மாறுகிறது என்பதால் முழுப் பெருமையும் பட்டைக்குச் சேராது. ஆனால் அதே அளவு பட்டையை மார்பில் கட்டுவதைவிட மூட்டுகளில் கட்டுவது மேல் என்பது அந்த ஆய்வில் தெளிவாக வந்தது.

நம் வேலைக்கு இது இன்னும் பொருந்தும். கூட்டுகிறவர் குனிந்தே இருக்கிறார். குனிந்தால் முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கிறது. முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டாலோ, பனிக்குச் சால்வை போர்த்தினாலோ மார்புப் பட்டை மறைந்துவிடுகிறது. கால் மறைவதில்லை, டிம் லைட்டும் கீழேதான் அடிக்கிறது.

டவுனில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைக்காரரைக் கேட்டு, தைக்கிற வகைத் துணிப் பட்டை, இரண்டு இஞ்ச் அகலத்தில் வாங்கினோம். ஒட்டுகிற ஸ்டிக்கர் துணியில் நிற்காது. ஒரு மீட்டரை நான்காக வெட்டினால் இரண்டு பேருக்கு ஜோடி. காலனியில் தையல் மிஷின் வைத்திருக்கிற அக்கா ஒருவர் முனையில் வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுத்தார். பார்த்த உடனே பெண்கள் வைத்த பெயர், ரேடியம் கொலுசு. ஆண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அந்தப் பெயரையே சொன்னார்கள்.

முதல் முயற்சி சொதப்பியது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கணுக்காலுக்கு மேலே கட்டினோம். புடவை முழுசாக மறைத்துவிட்டது! இடுப்பில் செருகிக் கட்டுகிறபோது, அதாவது வேலை செய்யும்போது, கால் தெரியும். நடந்து வருகிற வழியில் புடவை பாதம் வரை தொங்கும். ஆண் ஒருவன் யோசித்தால் இப்படித்தான் ஆகும். மாரியம்மா அக்காதான் தீர்வு சொன்னார். செருப்பின் குதிகால் வாரில் ஒரு பட்டையைச் சுற்றித் தைப்பது, இன்னொன்றைக் கை மணிக்கட்டில் கட்டுவது. நடக்கும்போது குதிகால் ஏறி இறங்குகிறது, கை வீசுகிறது. திரும்பவும் சர்வீஸ் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தோம். இந்த முறை தம்பி தூரத்திலேயே கத்தினார்: "ஆளு நடக்குது!"

சைக்கிளில் வருகிறவர்களுக்கு வேறு தொல்லை. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது, ஆனால் கேரியரில் விளக்குமாறும் சாப்பாட்டுப் பையும் கட்டினால் அது மறைந்துபோகிறது. மறையாத சைக்கிளில் அது சேறு பூசிக் கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பின்பக்க மட்காடின் கீழ்நுனியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். விளக்குமாற்றுக் கம்பின் நுனியிலும் ஒன்று சுற்றினோம், அதுதானே எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கணுக்காலில் கொலுசு. மிதிக்க மிதிக்க அது மேலும் கீழும் போவதைப் பின்னால் வருகிறவர் தவறவிட மாட்டார். பக்கவாட்டில் சந்திலிருந்து வருகிற வண்டிக்கு இதெல்லாம் போதாது. அதற்குச் சக்கரக் கம்பிகளில் ஒட்டினோம். டைனமோ விளக்கு வேலை செய்தவர்கள் இரண்டே பேர். பட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர் வண்டியில் விளக்கு எரிந்தால்தான் அது எரியும். விளக்கில்லாமல் வருகிற டிராக்டருக்கு நம் கொலுசு வெறும் துணிதான். அதனால் விளக்கையும் சரிசெய்யச் சொன்னோம், எல்லோரும் செய்யவில்லை.

மழையில் என்ன ஆகிறது என்பது ஐப்பசியில் தெரிந்தது. கண்ணாடி மணிமேல் தண்ணீர்ப் படலம் நின்றால் வெளிச்சம் சரியாகக் குவியாது. பட்டை பாதிக்கு மேல் மங்கிவிடுகிறது. மணிக்குப் பதில் நுண்ணிய பட்டக வடிவங்களை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பட்டை மழையில் தாங்குகிறது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், விலையும் கூட. சைக்கிள் மட்காடுக்கு அது சரி. மணிக்கட்டில் உறுத்துகிறது என்று கழற்றிவிட்டார்கள்.

கொலுசு வந்த பிறகு டீக்கடை விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கோட்டு இன்னமும் ஒயர் கூடையில்தான் இருக்கிறது. கொலுசு மேல் எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை. காலை நடைப்பயிற்சி போகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இப்போது அதே மாதிரிப் பட்டை கட்டுகிறார்கள். கையில் ரேடியம் கட்டியிருப்பவர் யாரென்று டீக்கடைக்காரருக்குத் தெரியாது. டம்ளரில் டீ கிடைக்கிறது. இதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன். பேப்பர் கப் விவகாரம் தனியாக இருக்கிறது. அந்தக் கடை மேல் புகார் கொடுக்கலாமா என்று காலனியில் பேச்சு நடக்கிறது. கடை அருகில் இருக்கிறதே, நாளைக்கு நாம்தானே போக வேண்டும் என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவரை யாரும் அடிபட்டுச் சாக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தப் பட்டை.

நம் தோழர்களில் சிலர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள். வண்டி வேகத்தையும் நடைபாதையையும் பேசாமல், அடிபடுகிறவன் காலில் பட்டை கட்டச் சொல்கிறாயா, இது பாதிக்கப்பட்டவர் மேலேயே பொறுப்பைப் போடுவதல்லவா என்று. கேள்வி நியாயமானது. என்ன கலர் புடவை என்று கேட்ட வழக்கறிஞர் நாளை, ஏன் பட்டை கட்டவில்லை என்று கேட்கலாம். அதனால் மனுவில் நாங்கள் கவனமாக இருந்தோம். பட்டை தொழிலாளியின் கடமை என்று எங்கும் எழுதவில்லை. கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்றே எழுதினோம். வீட்டிலிருந்து மஸ்டர் வரையான வழியையும் சேர்த்துக் கேட்டோம். "வேலை ஆரம்பிக்கறது அஞ்சரைக்குத்தானே, அதுக்கு முன்னாடி நாங்க பொறுப்பில்ல" என்று அலுவலகத்தில் சொன்னபோது, 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த 51இ பிரிவை எடுத்துக் காட்டினோம். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கிற விபத்தை, நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றில் வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நடந்ததாகவே அது கருதியது. அக்காவுக்கு ஒப்பந்ததாரர் இ.எஸ்.ஐ. பிடித்தார், கட்டினாரா என்பது வேறு வழக்கு.

மனுவில் கேட்டவை இவை: தரக்குறியீடும் துவைப்பு எண்ணும் உள்ள கோட்டு; வருடத்துக்கு ஒன்று அல்ல, நான்கு; பெண்களுக்குப் புடவைமேல் போடும் அளவில் தனியாக; அலுவலகப் பெயர் இல்லாத கைப்பட்டை, கால்பட்டை தனியாக; வாங்கும் நாளில் தொழிலாளர் பிரதிநிதி முன்னால் இருட்டறையில் டார்ச் சோதனை. கடைசிக் கோரிக்கையைப் படித்துவிட்டு அதிகாரி சிரித்தார். பிறகு தன் மேஜை விளக்கை அணைத்துவிட்டு, நாங்கள் கொண்டுபோன இரண்டு கோட்டையும் செல்போன் டார்ச்சில் அவரே பார்த்தார். ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. "இது நாங்க வாங்குனதா?" என்று கேட்டார். எரியாததைத்தான் கேட்டார்.

புதுக் கோட்டு இரண்டாவது டெண்டரில் வரும் என்கிறார்கள். அக்காவின் வழக்கு அடுத்த மாதம் திரும்ப வருகிறது. காலில் வைத்த கம்பியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது கொஞ்சம் விந்தி நடக்கிறார், ஆனால் நடந்துதான் வேலைக்கு வருகிறார். போன வாரம் பார்த்தபோது கைப்பட்டையைத் தடவிக் காட்டினார். "வழுவழுன்னு ஆயிருச்சு தம்பி. தைக்குள்ள வேற வேணும்."